கோடை எஃப்.எம்., கமுதி சோலார், நெஞ்சு எக்ஸ்ரே... மூன்றும் ஒரே அலைதான்! அப்போ எதற்குப் பயப்படணும்?

"நம்ம ஏரியாவுல புது டவர் வைக்கிறாங்களாம். கதிர்வீச்சு வருமாம். எல்லோருக்கும் ஷேர் பண்ணுங்க!"

இந்த மாதிரி ஒரு மெசேஜ் உங்கள் ஃபேமிலி குரூப்பிலும் வந்திருக்கும். அதை ஃபார்வர்டு செய்யும் அதே ஆள், மே மாத நண்பகல் வெயிலில் தொப்பிகூட இல்லாமல் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்பார். லேசாகத் தலை வலித்தால், "டாக்டர், எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமே" என்று அவரே கேட்பார்.

டவரிலிருந்து வருவதும் கதிர்வீச்சுதான், வெயிலும் கதிர்வீச்சுதான், எக்ஸ்ரேவும் கதிர்வீச்சுதான். மூன்றுக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம். மூன்றும் ஒரே வகை அலை என்பது உண்மை. ஆனால், உடம்புக்குள் அவை செய்யும் வேலை ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க உங்கள் மொபைலில் இருக்கும் கால்குலேட்டரே போதும். வாங்க, கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

மூன்று எண்கள், ஒரே வரிசை

ரேடியோ, கண்ணுக்குத் தெரியும் ஒளி, எக்ஸ்ரே... எல்லாமே மின்காந்த அலைகள். வெற்றிடத்தில் எல்லாமே ஒரே வேகத்தில்தான் ஓடும். விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். காற்றிலும் கிட்டத்தட்ட அதே வேகம்தான். வேகம் எல்லாவற்றுக்கும் ஒன்று என்பதால், அதை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. பிரிப்பதற்கு வேறு மூன்று எண்கள் இருக்கின்றன.

முதலாவது அலைநீளம். ஓர் அலையின் உச்சியிலிருந்து அடுத்த உச்சி வரை உள்ள தூரம். இரண்டாவது அதிர்வெண். ஒரே இடத்தை ஒரு விநாடியில் எத்தனை உச்சிகள் கடந்து போகின்றன என்ற எண்ணிக்கை. இதைத்தான் ஹெர்ட்ஸ் என்று சொல்கிறோம். வேகம் மாறாததால், அலை நீளமானால் அதிர்வெண் குறையும். அலை குட்டையானால் அதிர்வெண் கூடும்.

மூன்றாவது எண்தான் இந்தக் கதையின் ஹீரோ. அது, ஃபோட்டான் ஆற்றல். இந்த அலைகள் ஆற்றலைத் தண்ணீர்போல ஒரே ஓட்டமாகக் கொடுப்பதில்லை, பொட்டலம் பொட்டலமாகத்தான் கொடுக்கின்றன. ஒரு பொட்டலத்துக்குப் பெயர் ஃபோட்டான். 1905-ல் ஐன்ஸ்டீன் சொன்ன விஷயம் இது. 1921-ம் ஆண்டுக்கான நோபல் பரிசில் குறிப்பிடப்பட்டதும் இதை வைத்து அவர் கொடுத்த விளக்கம்தான். அதிர்வெண் எவ்வளவு அதிகமோ, ஒரு பொட்டலத்தின் ஆற்றலும் அவ்வளவு அதிகம். இதை எலக்ட்ரான் வோல்ட் என்ற குட்டி அலகால் அளக்கிறார்கள்.

ஆக, மூன்று எண்களில் ஒன்று தெரிந்தால் மற்ற இரண்டையும் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு இரண்டே வரிகள் போதும்.

```
λ (m)  = 300 ÷ f (MHz)
E (eV) = 1240 ÷ λ (nm)
```

முதல் வரி: 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். இரண்டாவது வரி: 1240-ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால், ஒரு ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். ஒரு மீட்டரை 100 கோடித் துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டுதான் நானோமீட்டர்.

கோடை எஃப்.எம்.: மூன்று மீட்டர் அலை

முதலில் ரேடியோ. தென் மாவட்டக்காரர்களுக்குக் கோடை பண்பலையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 100.5 மெகாஹெர்ட்ஸ். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால், நேர்கோட்டில் 100 கிலோமீட்டர் தாண்டி இருக்கும் அருப்புக்கோட்டை கரிசல் காடு வரை அந்த அலை இறங்கி வருகிறது.

300-ஐ 100.5-ஆல் வகுங்கள். 2.985 மீட்டர். அதாவது, உங்கள் தலைக்கு மேல் போகும் ஒவ்வொரு அலையும் கிட்டத்தட்ட ஒரு ஆட்டோவின் நீளம். மொபைலில் எஃப்.எம். கேட்கும்போது, "ஹெட்செட்டை மாட்டுங்கள்" என்று கேட்கிறதே, ஏன் தெரியுமா? எஃப்.எம். அலையைப் பிடிக்க அதன் நீளத்தில் கால்வாசி, அதாவது சுமார் 75 சென்டிமீட்டர் கம்பி இருந்தால் வசதி. மொபைலுக்குள் அவ்வளவு இடம் ஏது? அதனால் ஹெட்செட் ஒயரையே ஆன்டெனாவாக்கிக்கொள்கிறது.

அடுத்து ஃபோட்டான் ஆற்றல். 2.985 மீட்டர் என்பது சுமார் 298.5 கோடி நானோமீட்டர். 1240-ஐ அதால் வகுத்தால் 0.000000415 எலக்ட்ரான் வோல்ட். இத்தனை சைபரையும் கால்குலேட்டரில் தட்ட வேண்டியதில்லை. மொபைலைக் குறுக்கே திருப்பினால் பல போன்களில் சயின்டிஃபிக் கால்குலேட்டர் வரும். அதில் `2.985e9` என்று போட்டால், 2.985-ஐ 10 ஒன்பது முறை பெருக்கியதாக எடுத்துக்கொள்ளும்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அகில இந்திய வானொலியின் மதுரை மத்திய அலை நிலையம் 1269 கிலோஹெர்ட்ஸ். அவசரத்தில் 300-ஐ 1269-ஆல் வகுத்தால் 0.236 மீட்டர், அதாவது ஒரு ஜாண் நீளம்தான் வரும். இது தப்பு. நம் சூத்திரத்துக்கு வேண்டியது மெகாஹெர்ட்ஸ். 1269 கிலோஹெர்ட்ஸ் என்பது 1.269 மெகாஹெர்ட்ஸ்தான். சரியான விடை 236 மீட்டர். தப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? மத்திய அலையின் அதிர்வெண் எஃப்.எம்-ஐவிட மிகக் குறைவு. அப்போது அதன் அலை எஃப்.எம். அலையைவிட நீளமாகத்தானே இருக்கணும்? குட்டையாக வந்தால், கிலோவும் மெகாவும் எங்கோ இடம் மாறிவிட்டன என்று அர்த்தம்.

கமுதி வெயில்: பொட்டலத்தின் சைஸ் முக்கியம்

அடுத்து ஒளி. திருச்சுழிக்குத் தென்கிழக்கே, ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் திறக்கப்பட்ட 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது. சுமார் 2,500 ஏக்கர். சீமைக்கருவேலம் மண்டிய வறண்ட நிலத்தில் கண்ணுக்கு எட்டும் வரை சிலிக்கான் பேனல்கள். ஃபோட்டான் என்றால் என்ன என்பதை நேரில் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

வெயிலில் இருக்கும் பச்சை நிற ஒளியை எடுத்துக்கொள்வோம். அதன் அலைநீளம் 550 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 1240-ஐ 550-ஆல் வகுத்தால் 2.25 எலக்ட்ரான் வோல்ட். அதிர்வெண் விநாடிக்கு 5.45 கோடி கோடி. சிவப்பின் ஓரமான 700 நானோமீட்டரில் 1.77 எலக்ட்ரான் வோல்ட், ஊதாவின் ஓரமான 400 நானோமீட்டரில் 3.1 எலக்ட்ரான் வோல்ட். நாம் பார்க்கும் வானவில் முழுவதும் இந்தச் சின்ன இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது.

பேனலுக்குள் இருக்கும் சிலிக்கானில் எலக்ட்ரான்கள் பிணைப்பில் மாட்டிக்கொண்டு இருக்கும். ஒன்றை விடுவிக்க 1.12 எலக்ட்ரான் வோல்ட் தேவை. பச்சை ஃபோட்டானிடம் 2.25 இருக்கிறது. மோதியதும் எலக்ட்ரான் விடுதலை, மின்சாரம் ரெடி.

இப்போது ஒரு கேள்வி. அதே பேனல் மீது கோடை எஃப்.எம். அலையும்தான் இரவு பகலாக விழுகிறது. ராத்திரியில் அதை வைத்து மின்சாரம் எடுக்க முடியாதா? ஓர் எஃப்.எம். ஃபோட்டானிடம் 0.000000415 எலக்ட்ரான் வோல்ட்தான் இருக்கிறது. 1.12 வேண்டும் என்றால் 27 லட்சம் ஃபோட்டான்கள் சேரணும். ஆனால், அவை இப்படிக் கூட்டணி சேர்ந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்குவதில்லை. ஓர் எலக்ட்ரானை விடுவிக்கும் வேலையை ஒரே ஃபோட்டான் ஒரே அடியில் செய்தாகணும். எஃப்.எம். ஃபோட்டானால் அது நடக்காது.

பனை மரத்தில் நுங்குக் குலை தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை மூட்டையாக உமியை வீசினாலும் ஒரு நுங்குகூட விழாது. குறி தவறாத ஒரே ஒரு கல் போதும். உமியின் மொத்த எடை கல்லைவிட நூறு மடங்கு இருக்கலாம். ஆனால், ஒவ்வொரு உமியும் தனித்தனியாகத்தானே மோதுகிறது?

எல்லை எங்கே இருக்கிறது என்பதையும் கணக்குப் போடலாம். 1240-ஐ 1.12-ஆல் வகுத்தால் 1107 நானோமீட்டர். இதைவிட நீளமான அலை எதுவானாலும், அது எவ்வளவு பலமாக அடித்தாலும், சிலிக்கான் பேனல் அதை மின்சாரமாக்காது. வெயிலின் அகச்சிவப்புப் பகுதியில் ஒரு பங்கு இப்படித்தான் வீணாகிறது. பச்சை ஃபோட்டானிடமும் 1.12 போக மீதியிருக்கும் 1.13 எலக்ட்ரான் வோல்ட், பேனலைச் சூடாக்குவதில் போய்விடுகிறது. சூடேறினால் உற்பத்தி இறங்கும். சாதாரண சிலிக்கான் பேனலில், 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவிகிதம் வரை குறையும். நம்ம ஊர் கோடையில் பேனல் 65 டிகிரியைத் தொட்டால், 300 வாட் பேனல் 250 வாட் அளவுக்கு இறங்கிவிடலாம். மொட்டை மாடியில் சோலார் போட்டவர்கள், "வெயில் கொளுத்துது, கரன்ட் மட்டும் குறையுதே" என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

எக்ஸ்ரே: அணுவைவிடக் குட்டையான அலை

மூன்றாவது, எக்ஸ்ரே. இதற்குக் கணக்கைத் தலைகீழாகப் போடணும். காரணம், எக்ஸ்ரே அறையில் யாரும் மெகாஹெர்ட்ஸ் பேசுவதில்லை. டெக்னீஷியன் மெஷினில் வைப்பது கிலோவோல்ட்.

எக்ஸ்ரே குழாய்க்குள் எலக்ட்ரான்களை அதிக மின்னழுத்தத்தில் வேகமாக ஓடவிட்டு, டங்ஸ்டன் உலோகத்தில் மோதவிடுகிறார்கள். மின்னழுத்தம் 60 கிலோவோல்ட் என்றால், ஓர் எலக்ட்ரான் 60,000 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு வந்து மோதும். அது தன் ஆற்றல் முழுவதையும் ஒரே ஃபோட்டானாகக் கொடுத்தால், அந்த ஃபோட்டானின் ஆற்றல் 60,000 எலக்ட்ரான் வோல்ட். அதற்கு மேல் போகவே முடியாது. பெரும்பாலான ஃபோட்டான்கள் இதைவிடக் குறைந்த ஆற்றலோடுதான் வெளியே வரும். அதனால் நமக்குக் கிடைக்கும் விடை, உச்சபட்ச எண் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1240-ஐ 60,000-ஆல் வகுத்தால் 0.0207 நானோமீட்டர். ஓர் அணுவின் குறுக்களவு சுமார் 0.1 நானோமீட்டரிலிருந்து தொடங்கும். அப்படியென்றால் இந்த அலை, அணுவைவிடக் குட்டை. அதிர்வெண் விநாடிக்கு 1.45 லட்சம் கோடி கோடி.

இப்போது மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள்.

* கோடை எஃப்.எம்.: அலைநீளம் 2.985 மீட்டர். அதிர்வெண் 10 கோடி ஹெர்ட்ஸ். ஒரு ஃபோட்டான் 0.000000415 எலக்ட்ரான் வோல்ட்.
* பச்சை ஒளி: அலைநீளம் 550 நானோமீட்டர். அதிர்வெண் 5.45 கோடி கோடி ஹெர்ட்ஸ். ஒரு ஃபோட்டான் 2.25 எலக்ட்ரான் வோல்ட்.
* 60 கிலோவோல்ட் எக்ஸ்ரே: அலைநீளம் 0.0207 நானோமீட்டர். அதிர்வெண் 1.45 லட்சம் கோடி கோடி ஹெர்ட்ஸ். ஒரு ஃபோட்டான் 60,000 எலக்ட்ரான் வோல்ட்.

எந்த எண்ணை வைத்து அடுக்கினாலும் வரிசை மாறாது. அலைநீளம் மேலிருந்து கீழே குறைகிறது, மற்ற இரண்டும் கூடுகின்றன. கணக்கு சரியா என்று பார்க்கவும் இதிலேயே வழி இருக்கிறது. பச்சை ஒளியின் அதிர்வெண், எஃப்.எம்-ஐப்போல எத்தனை மடங்கு? சுமார் 54 லட்சம். ஃபோட்டான் ஆற்றல் எத்தனை மடங்கு? அதுவும் 54 லட்சம். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ சைபர் தொலைந்துவிட்டது. எக்ஸ்ரே ஃபோட்டான், எஃப்.எம். ஃபோட்டானைப்போல சுமார் 14,500 கோடி மடங்கு!

உடம்புக்குள் கோடு எங்கே விழுகிறது?

பேனலுக்கு 1.12 என்று ஒரு கோடு இருந்ததுபோல, நம் உடம்புக்கும் கோடு இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானை முழுதாகப் பிடுங்க 12.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். இப்படிப் பிடுங்குவதைத்தான் அயனியாக்கம் என்கிறார்கள். அயனியாக்கம் நடந்தால், செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. உடையலாம். எல்லா உடைசலையும் செல் சரியாக ரிப்பேர் செய்துவிடாது. பின்னாளில் புற்றுநோய்க்கு அது ஒரு வாசல்.

60,000 எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ்ரே ஃபோட்டான் இந்தக் கோட்டை எங்கோ தாண்டி நிற்கிறது. ஒரே ஃபோட்டான் வழியில் பல அணுக்களைக் கலைத்துவிட்டுப் போகும். அதனால்தான் எக்ஸ்ரே மெஷின் வைக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும்.

வெயில்? கண்ணுக்குத் தெரியும் ஒளி கோட்டுக்குக் கீழே இருக்கிறது. ஆனால் வெயிலோடு சேர்ந்து வரும் புற ஊதாக் கதிரைக் கவனியுங்கள். 300 நானோமீட்டர் என்றால் 4.13 எலக்ட்ரான் வோல்ட். எலக்ட்ரானைப் பிடுங்க இது போதாது. ஆனால், டி.என்.ஏ-வின் வேதிப் பிணைப்புகளைத் தாறுமாறாக்க இதுவே போதும். தோல் கருகுவதும், வருடக்கணக்கில் வெயிலில் நின்றால் தோல் புற்றுநோய் அபாயம் கூடுவதும் இதனால்தான். நம் தோலில் இருக்கும் மெலனின் நிறைய காப்பாற்றுகிறது, முழுதாகக் காப்பாற்றுவதில்லை. கண்ணுக்கு அந்தப் பாதுகாப்பும் கம்மி. வெயிலில் வேலை செய்பவர்களுக்குக் கண்புரை அபாயம் கூடுவதில் புற ஊதாவுக்குப் பங்கு உண்டு.

சரி, டவர்? 5ஜி-க்குப் பயன்படும் 3500 மெகாஹெர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். 300-ஐ 3500-ஆல் வகுத்தால் 8.6 சென்டிமீட்டர். ஒரு ஃபோட்டானின் ஆற்றல் 0.0000145 எலக்ட்ரான் வோல்ட். பச்சை ஒளியின் ஃபோட்டான், இதைப்போல ஒன்றரை லட்சம் மடங்கு பெரியது. இன்னொரு விஷயம் சொன்னால் நம்ப மாட்டீர்கள். 37 டிகிரி சூட்டில் இருக்கும் உங்கள் உடம்பே அகச்சிவப்புக் கதிரை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. அதன் அலைநீளம் சுமார் 9.3 மைக்ரோமீட்டர், அதாவது 9,300 நானோமீட்டர். 1240-ஐ இதால் வகுத்தால் 0.13 எலக்ட்ரான் வோல்ட். பொட்டலத்துக்குப் பொட்டலம் பார்த்தால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் ஃப்ரெண்டிடமிருந்து வருவது, 5ஜி ஃபோட்டானைப்போல சுமார் 9,000 மடங்கு!

உமி நுங்கைப் பறிக்காது... ஆனால் மூச்சுத் திணறும்!

அப்போது ரேடியோ அலையால் எதுவுமே ஆகாதா? அப்படியும் சொல்ல முடியாது. உமியால் நுங்கு விழாது. ஆனால், லோடு லோடாக உமி தலையில் கொட்டினால் மூச்சுத் திணறும் இல்லையா? ரேடியோ அலையும் அளவு மிஞ்சினால் சூடாக்கும். மைக்ரோவேவ் அவனில் நடப்பது இதுதான். அங்கே அதிர்வெண் 2450 மெகாஹெர்ட்ஸ், வைஃபைக்குப் பக்கத்து வீடு. ஃபோட்டான் குட்டிதான். ஆனால் மூடிய பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான வாட் கொட்டுவதால் தண்ணீர் கொதிக்கிறது. டவரில் வேலை செய்பவர்கள் ஆன்டெனாவுக்கு நேர் முன்னால் நிற்கக் கூடாது என்ற விதியும் இதற்காகத்தான்.

அதனால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ஒரு பொட்டலம் எவ்வளவு பெரிது? மொத்தம் எத்தனை வாட் விழுகிறது? டவருக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஒரு கணக்கு: ஓர் ஆன்டெனா அலையைக் குவித்து அனுப்புவதால், நேர் எதிரில் அது 1,000 வாட் பல்புபோலத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் தூரத்தில் அது ஒரு சதுர மீட்டருக்கு 0.008 வாட்டாக நீர்த்துவிடும். நண்பகல் வெயில் அதே ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட் கொட்டுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் டவரின் பங்கு நான்கில் ஒன்றாகும்.

தூரம் என்று வரும்போது, காதோடு ஒட்டி இருக்கும் மொபைல்தான் கணக்கில் முதலிடம். சிக்னல் வீக்காக இருந்தால், டவரை எட்டிப்பிடிக்க போன் தன் பவரைக் கூட்டும். ஊர்களுக்கு இடையே வெறும் பொட்டல்காடாக இருக்கும் பகுதியில், ஒரே ஒரு புள்ளி சிக்னலில் மணிக்கணக்காகப் பேசும்போது போன் சூடாவதையும், சார்ஜ் வேகமாக இறங்குவதையும் கவனித்திருப்பீர்கள். பவர் கூடுவதும் அதற்கு ஒரு காரணம். ஆக, பக்கத்தில் டவர் வேண்டாம் என்று விரட்டினால், உங்கள் தலைக்குக் கிடைக்கும் ரேடியோ அலை கூடத்தான் செய்யும்! சிக்னல் குறைவான இடத்தில் ஹெட்செட்டில் பேசுங்கள், இல்லையென்றால் மெசேஜ் போடுங்கள். உங்கள் போனில் `*#07#` டயல் செய்தால், எஸ்.ஏ.ஆர். என்ற எண் வரும். உடம்பு எவ்வளவு ஆற்றலை உறிஞ்சும் என்பதன் அளவு அது. 2012 செப்டம்பர் 1-ல் இந்தியாவில் கொண்டுவந்த உச்ச வரம்பு, கிலோவுக்கு 1.6 வாட்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2011-ல் ரேடியோ அலையை '2பி' பிரிவில் வைத்தது உண்மை. 'புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு இருக்கலாம், ஆதாரம் குறைவு' என்பது அதன் பொருள். ஃபார்வர்டுகளில் முதல் பாதி மட்டும்தான் வரும். வெயிலின் புற ஊதாவையும் எக்ஸ்ரேவையும் அதே அமைப்பு முதல் பிரிவில், அதாவது 'ஆதாரம் உறுதி' என்ற பட்டியலில் வைத்திருக்கிறது.

அப்போ எக்ஸ்ரே எடுக்கலாமா?

தாராளமாக. பொட்டலம் பெரிதுதான், ஆனால் எண்ணிக்கை குறைவு. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் உடம்புக்குக் கிடைக்கும் அளவு 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் கீழே. மண், காற்று, சாப்பாடு, வானம் என இயற்கையிலிருந்தே ஒருவருக்கு வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு நெஞ்சு எக்ஸ்ரே அதில் அதிகபட்சம் பதினைந்து நாள் பங்கு. மூன்று வாரமாக இருமல் நிற்கவில்லை என்று டாக்டர் எக்ஸ்ரே எழுதிக்கொடுத்தால், பயந்துகொண்டு தள்ளிப்போடாதீர்கள். காசநோயைத் தவறவிடுவதுதான் உண்மையான ஆபத்து. மெஷினை ஆஃப் செய்ததும் எக்ஸ்ரே போய்விடும். உடம்பிலோ, அறையிலோ தங்காது.

சி.டி. ஸ்கேன் கதை வேறு. அதுவும் எக்ஸ்ரேதான், ஆனால் பல கோணங்களில் எடுக்கிறார்கள். நெஞ்சு சி.டி. ஒன்று சுமார் 7 மில்லிசீவர்ட், எழுபது நெஞ்சு எக்ஸ்ரேவுக்குச் சமம். அவசியம் என்றால் எடுத்துத்தான் ஆகணும். "எதுக்கும் ஒண்ணு எடுத்துடலாம்" என்று நாமே கேட்டு வாங்கத்தான் கூடாது. போன மாதம் எடுத்த படம் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும் அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு இந்தக் கவலை இல்லை. அதில் வேலை செய்வது காந்தமும் ரேடியோ அலையும்தான். பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் இருக்கும் 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. மெஷினின் அதிர்வெண் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ், கோடை எஃப்.எம்-ஐவிடவும் குறைவு!

கடைசியாக ஒரு பொறி. "சுவரையே துளைத்துக்கொண்டு வருதே, அப்போ ஆபத்துதானே?" என்று யாராவது கேட்பார்கள். எஃப்.எம். சுவரைத் தாண்டும், வெயில் தாண்டாது, எக்ஸ்ரே உடம்பைத் தாண்டும். நம் மூன்று எண்களின் வரிசையில் இது அடங்கவே இல்லை, பார்த்தீர்களா? துளைத்துப் போவது அலையும் பொருளும் எப்படி ஒத்துப்போகின்றன என்பதைப் பொறுத்தது. ஆபத்தை அளக்கும் அளவுகோல் அதுவல்ல.

அடுத்த முறை 'பயங்கரக் கதிர்வீச்சு' என்று ஒரு மெசேஜ் வந்தால், அதில் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று தேடுங்கள். 26 ஜிகாஹெர்ட்ஸ் என்று மிரட்டினால், அது 26,000 மெகாஹெர்ட்ஸ். 300-ஐ அதால் வகுத்தால் 1.15 சென்டிமீட்டர். அதை நானோமீட்டராக்கி, 1240-ஐ வகுத்தால் வருவது 0.0001 எலக்ட்ரான் வோல்ட். 12.6-க்கும் இதற்கும் நடுவே எத்தனை சைபர் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அப்புறம் ஷேர் பண்ணலாமா வேண்டாமா என்று முடிவெடுங்கள். நண்பகலில் வெளியே கிளம்பினால், தொப்பியை மட்டும் மறக்காதீர்கள்!